ஸ்டேபிள்காயின்: நிலைப்பது எது?

2014 வாக்கில் புழக்கத்துக்கு வந்த சொல் ஸ்டேபிள்காயின். பிட்காயின் விலை நாளுக்கு நாள் ஆடியதால், ஆடாத ஒன்று வேண்டும் என்று கிளம்பியவர்கள் வைத்த பெயர். அந்த ஆண்டு ரியல்காயின் என்று தொடங்கிய ஒன்று, சில மாதங்களிலேயே டெதர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. டெதர் என்றால் மாட்டை முளையில் கட்டும் கயிறு. விலையை டாலரோடு பிணைப்பதையும் ஆங்கிலத்தில் முளையடிப்பது என்றுதான் சொல்கிறார்கள். ஆக, ஒரு டாலர் என்பது முளை, இது அதில் கட்டிய மாடு.

தமிழில் ‘நிலையான நாணயம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. இது நாணயமே இல்லை, ஒரு கடன் சீட்டு. வெளியிடும் நிறுவனத்திடம் ஒரு டாலர் கொடுத்தால் ஒரு டிஜிட்டல் டோக்கன் தருகிறது. திருப்பிக் கொடுத்தால் ஒரு டாலர் தருவதாகச் சொல்கிறது. இடையில் அந்த டாலரைக் குறுகிய கால அரசுக் கடன்பத்திரங்களிலும் வங்கி வைப்பிலும் போட்டு, வட்டியைத் தானே வைத்துக்கொள்கிறது. ஆனால் தமிழில் நாணயம் என்றால் சொன்ன சொல் தவறாமையும்தானே. கேட்கும்போது நிறுவனம் டாலரைத் தருமா என்பதே இங்கே முழுக்கேள்வியும் என்பதால், அந்தப் பொருளில் மட்டும் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது.

அந்த நாணயம் சோதிக்கப்பட்டது 2023 மார்ச்சில். 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது. யுஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயினை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம், தன் கையிருப்பான சுமார் 4,000 கோடி டாலரில் 330 கோடி அந்த வங்கியில் சிக்கியிருப்பதாக அன்றிரவே அறிவித்தது. மறுநாள் சந்தையில் ஒரு யுஎஸ்டிசியின் விலை 88 சென்ட்டுக்கும் கீழே போனது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 330 கோடியும் முழுசாகப் போய்விட்டாலும் நஷ்டம் டாலருக்கு 8 சென்ட் சொச்சம்தான். 91 சென்ட்டுக்கு மேல் மிஞ்சும். பிறகு ஏன் அதற்கும் கீழே? சனி, ஞாயிறில் வங்கிகள் இல்லை. டோக்கன் சந்தைக்கோ விடுமுறையே கிடையாது. டாலராக மாற்றும் வழி அடைபட்டிருக்க, விற்கும் வழி மட்டும் திறந்திருந்தது. திங்கள்வரை பொறுக்க முடியாதவர்கள் அகப்பட்ட விலைக்குத் தள்ளினார்கள். ஞாயிறு மாலை, அந்த வங்கியில் பணம் போட்டவர்கள் அனைவருக்கும் முழுத் தொகையும் கிடைக்கும் என்று அமெரிக்க அரசுத் தரப்பு அறிவித்தது. திங்களன்று விலை ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்துவிட்டது. வங்கி வேலிக்கு வெளியே மேய்ந்த மாட்டை, வேலிக்கு உள்ளே இருந்தவர்களே பிடித்துக் கட்டினார்கள்.

சரி, மத்திய வங்கிக்கு இதில் என்ன தலைவலி? ஒருவர் தன் வங்கிக் கணக்கிலிருந்து 100 டாலர் கொடுத்து டோக்கன் வாங்குகிறார். நிறுவனம் அதைக் கொண்டு ஒருவரிடமிருந்து கடன்பத்திரம் வாங்குகிறது. அந்த 100 டாலர் இப்போது பத்திரம் விற்றவரின் வங்கிக் கணக்கில். வங்கிகளில் மொத்த வைப்பு குறையவில்லை. ஆனால் முதல் ஆளின் கையிலும் செலவழிக்கத்தக்க 100 இருக்கிறது. பணம் மாதிரியான ஒன்று கூடிவிட்டது. அமெரிக்க மத்திய வங்கி எம்2 என்று வெளியிடும் பண அளவில் அந்த டோக்கன் சேராது.

அப்புறம் வட்டி. மத்திய வங்கி வட்டியை உயர்த்தினால் சேமிப்பவருக்குக் கொஞ்சமாவது கூட வேண்டும்; கொள்கை மக்களைத் தொடும் வழிகளில் அதுவும் ஒன்று. டோக்கன் வைத்திருப்பவருக்கு நிறுவனம் வட்டி தரக் கூடாது என்கிறது 2025 ஜூலையில் அமெரிக்காவில் வந்த ஜீனியஸ் சட்டம். உயர்ந்த வட்டி நிறுவனத்தோடு நின்றுவிடுகிறது. தடையை எடுத்துவிட்டால் வைப்புகள் வங்கியை விட்டு ஓடும் என்ற பயம் மறுபக்கம். இரண்டில் எது மேல் என்று இன்னும் சண்டை ஓயவில்லை.

ஸ்டேபிள்காயின் போன்றவற்றுக்கெல்லாம் பொதுப் பெயராக ‘நிழல் பணம்’ என்பதும் வழங்குகிறது. வங்கியாக இல்லாமலே வங்கி வேலை பார்க்கும் நிறுவனங்களைக் குறிக்க 2007இல் பொருளியலாளர் பால் மெக்கல்லி சொன்ன ‘நிழல் வங்கி’யின் தம்பி இது. அதில் ஒரு சங்கடம்: தமிழில் நிழல் என்றால் வெயிலுக்கு ஒதுங்கும் இடம். இங்கே நிலைமை நேர் எதிர். வைப்புக் காப்பீடு, நெருக்கடியில் மத்திய வங்கி தரும் கடன் என்ற நிழல் இல்லாத இடத்தில் நிற்கும் பணம் இது. ‘வங்கிசாராப் பணம்’ என்றால் குழப்பமில்லை. ஸ்டேபிள்காயினுக்கு, ‘நிலைமதிப்புச் சீட்டு’ என்பேன். நாணயம் என்றே வேண்டுமென்றால் ‘நிலைமதிப்பு நாணயம்’. நிலைத்திருப்பதாக வாக்களிக்கப்படுவது மதிப்பு மட்டும்தான் என்பதாவது அதில் தெரியும்.