ஓசோன் ஓட்டை, புவி வெப்பமடைதல்: ஒரே கேஸ், இரண்டு கணக்கு

மார்ச், ஏப்ரலில் மார்த்தாண்டம் பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது: "ஓசோன்ல ஓட்ட விழுந்தாச்சு, பின்ன வெயில் அடிக்காம என்ன செய்யும்?" ஓட்டை இருப்பது உண்மை. வெப்பம் கூடுவதும் உண்மை. ஆனால் அந்த ஓட்டை வழியாக இந்த வெப்பம் வரவில்லை.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். ஜெர்மானிய வேதியியலர் ஷோன்பைன் 1839-இல் தண்ணீரில் மின்சாரம் செலுத்திச் சோதனை செய்தபோது ஒரு நெடி வந்தது. கிரேக்க மொழியில் 'மணத்தல்' என்னும் பொருளுள்ள வினையிலிருந்து அந்த வாயுவுக்கு ஓசோன் என்று பெயர் வைத்தார். தமிழிலும் ஓசோன் ஓசோன்தான், அதை மாற்ற வேண்டிய தேவையில்லை. சிக்கல் 'ஓட்டை'யில் இருக்கிறது. ஓட்டுக்கூரையில் ஓடு உடைந்து வெயில் உள்ளே விழுவதைப் போன்ற ஒரு படத்தை அந்தச் சொல் மனதில் வரைந்துவிடுகிறது. உண்மையில் அங்கே இருப்பது துவாரம் அல்ல, ஓசோன் மெலிந்துபோன ஒரு பரப்பு. தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்துக்குப் பரவியிருக்கும் ஓசோனை எல்லாம் தரைமட்ட அழுத்தத்துக்குச் சுருட்டினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனம்தான் வரும். அது 2.2 மில்லிமீட்டருக்குக் கீழே போகும் இடத்தைத்தான் 'ஓட்டை' என்கிறார்கள். 'ஓசோன் தேய்வு' என்பது பொருத்தமான சொல்.

இந்தத் தேய்வு நடப்பது அண்டார்டிகாவுக்கு மேலே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1985-இல் அதை வெளியிட்டார்கள். கன்னியாகுமரிக்கு மேலே அப்படி ஒரு ஓட்டை கிடையாது. ஓசோன் குறைந்தால் கூடுதலாக வருவது புற ஊதாக் கதிர். தோலுக்கும் கண்ணுக்கும் அது கெடுதல்தான், ஆனால் ஓசோன் தடுக்கும் அந்தக் கதிர் சூரியன் தரும் ஆற்றலில் மிகச் சிறிய பங்கு. அதோடு ஓசோனே வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு, அது தேய்ந்தால் சற்றுக் குளிர்ச்சியே உண்டாகும்.

புவி வெப்பமடைதல் வேறு கதை. (பலரும் எழுதும் 'வெப்பமயமாதல்' எனக்கு ஒப்பவில்லை. 'மயம்' என்றால் முழுக்க அதுவாகவே ஆகிவிட்டது என்று பொருள்.) இங்கே வெயில் கூடுதலாக உள்ளே வருவதில்லை, பூமி திருப்பி அனுப்பும் வெப்பம் வெளியேறத் தாமதமாகிறது. கார்பன் டை ஆக்சைடு முதலான பசுங்குடில் வாயுக்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. இதற்கு நல்ல அடையாளம் உண்டு. வெயில் கூடியதுதான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் கீழடுக்கு சூடாகிறது, ஓசோன் இருக்கும் மேலடுக்கோ குளிர்ந்திருக்கிறது.

அப்படியானால் இரண்டும் ஏன் ஒன்றாகக் குழம்புகின்றன? பெரிய காரணம் ஃபிரிட்ஜ் கேஸ் என்று நினைக்கிறேன். நாகர்கோவிலில் பழைய மெக்கானிக்குகளைக் கேட்டால் 'ஆர்-12' என்பார்கள். அது குளோரின் உள்ள வாயு. உயரே போனதும் புற ஊதாக் கதிர் அதை உடைக்கிறது, விடுபடும் ஒரு குளோரின் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்கிறது. அதே ஆர்-12 எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தையும் பிடிக்கும். அதாவது குற்றவாளி ஒருவர், வழக்கு இரண்டு.

1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கை ஆர்-12-ஐ ஒழித்தது. அப்புறம் வந்த ஆர்-134ஏ-யில் குளோரின் இல்லை, அதனால் ஓசோனுக்குத் தீங்கில்லை. ஆனால் வெப்பக் கணக்கில் அது சுமார் 1,430 மடங்கு. கம்ப்ரசர் மாற்றும்போது 100 கிராம் ஆர்-134ஏ-யைக் காற்றில் திறந்துவிட்டால் 143 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். சுமார் 62 லிட்டர் பெட்ரோல் எரித்த கணக்கு. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் பைக்கில் நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு இரண்டு தடவை போய்வரலாம். ஓசோன் ஒரு துளியும் தேயாமல் இவ்வளவு வெப்பம்! இப்போதைய ஃபிரிட்ஜ்களில் வரும் ஆர்-600ஏ இரண்டு கணக்கிலும் கிட்டத்தட்டச் சுத்தம். ஆனால் தீப்பற்றக்கூடியது, அதனால் கசிவு இருக்கும்போது வெல்டிங் டார்ச்சைக் கொளுத்தினால் ஆபத்து.

இதில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. 2016-இல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் செய்த திருத்தத்தின்படி, ஓசோனுக்காக எழுதிய அதே மாண்ட்ரியல் உடன்படிக்கை, ஓசோனைத் தொடாத ஆர்-134ஏ வகை வாயுக்களையும் வெப்பத்துக்காகக் குறைக்கிறது. செய்தியில் 'ஓசோன் உடன்படிக்கை' என்று வந்தாலும், பேசப்படுவது வெப்பமாக இருக்கலாம். எந்த வாயு என்று பார்த்தால்தான் எந்தக் கணக்கு என்று தெரியும்.