தயக்கம்: பழைய ஃப்ரிட்ஜும் ஹிஸ்டெரிசிஸ் என்ற சொல்லும்

பழைய ஃப்ரிட்ஜை வைத்துச் சீஸ் பழுக்க வைக்கும் பெட்டி செய்கிறவர்கள் முதலில் வாங்குவது ஒரு வெளித் தெர்மோஸ்டாட். STC-1000 என்ற சின்னக் கறுப்புப் பெட்டிதான் பலர் கையிலும் இருக்கும். அதில் F1 என்றால் நமக்கு வேண்டிய வெப்பநிலை. அது எல்லோருக்கும் புரிந்துவிடும். அடுத்து வரும் F2தான் குழப்பும். கையேட்டில் 'டிஃபரன்ஸ்' என்று போட்டிருப்பார்கள், விஷயம் தெரிந்தவர்கள் ஹிஸ்டெரிசிஸ் என்பார்கள். பெட்டி நன்றாக ஓடுமா, கம்ப்ரஸர் சீக்கிரம் போய்விடுமா என்பது பெரும்பாலும் இந்த எண்ணைப் பொறுத்தது.

ஹிஸ்டெரிசிஸ் கிரேக்கச் சொல். பின்தங்குதல், பிந்தி வருதல் என்று பொருள். 'ஹுஸ்டெரோஸ்', அதாவது 'பிந்தைய', என்ற அடியிலிருந்து வந்தது. ஹிஸ்டீரியா என்ற நோய்ப்பெயரோடு இதற்கு உறவு இல்லை. அது கருப்பையைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் ஆல்ஃபிரெட் யூயிங் 1881 வாக்கில் இந்தச் சொல்லை அறிவியலுக்குள் கொண்டுவந்தார். இரும்பைக் காந்தமாக்கும் புலத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தபோது, இரும்பின் காந்தத்தன்மை உடனே கூடவே வராமல் பின்தங்கி வந்தது. புலம் சுழியத்துக்குத் திரும்பிய பிறகும் இரும்பில் காந்தம் மிச்சம் இருந்தது. அந்தப் பின்தங்கலுக்குத்தான் அவர் இந்தப் பெயரை வைத்தார்.

நம் மேல்நிலை இயற்பியல் பாடத்தில் இதே செய்திக்குக் 'காந்தத் தயக்கம்' என்ற பெயர் உண்டு. அதன் வரைபடம் 'தயக்கக் கண்ணி'. எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களில் தயக்கம் ஒன்று. பிந்துவதை மட்டும் சொல்லாமல், 'இப்போதே மாறலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா' என்று நிற்பதையும் அது சேர்த்துச் சொல்கிறது. தெர்மோஸ்டாட்டில் நடப்பது அதுதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இரும்பில் தயக்கம் இயல்பாக இருப்பது. தெர்மோஸ்டாட்டில் நாம் வேண்டுமென்றே வைப்பது.

ஏன் வைக்க வேண்டும்? கௌடா வகைச் சீஸை எடுத்துக்கொள்வோம். அது பழுக்க ஏறக்குறைய 12 டிகிரி வேண்டும், காற்றில் ஈரப்பதம் 80–85 சதவீதம் இருக்க வேண்டும். சாதாரண ஃப்ரிட்ஜ் 4 டிகிரிப் பக்கம் நிற்பதால் அதில் வைத்தால் பழுப்பது மிகவும் மெதுவாகிவிடும். வெளியில் சென்னை வெயிலில் வைத்தால் கொழுப்பு கசியும், கட்டி உப்பிவிடும். ஃப்ரிட்ஜின் உள்ளே இருக்கும் திருகு, கூல் காயிலின் குளிரைப் பார்த்து வேலை செய்வது. 12 டிகிரிக்கு அதைத் திருப்ப இடமே இருக்காது. அதனால் அதை அதிகபட்சக் குளிருக்குத் திருப்பி வைத்துவிட்டு, மின்சாரத்தை வெளித் தெர்மோஸ்டாட் வழியாகக் கொடுக்கிறோம். கம்ப்ரஸர் ஓடலாமா நிற்கலாமா என்பதை இனி அதுதான் முடிவு செய்யும்.

இப்போது F1-ஐ 12 என்று வைத்து, F2-ஐ 0.3 என்று வைப்பதாகக் கொள்வோம். இந்தக் கருவி 12.3 வந்ததும் கம்ப்ரஸரைப் போடும், 12 வந்ததும் நிறுத்தும். கதவை ஒருமுறை திறந்தாலே வெப்பநிலை 0.3 டிகிரி ஏறிவிடும். ஆகவே கம்ப்ரஸர் சில நிமிடத்துக்கு ஒருமுறை போட்டு நிறுத்திப் போட்டு நிறுத்தி ஓடும். கம்ப்ரஸர் துவங்கும் ஒவ்வொரு முறையும் ஓட்ட மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். அடிக்கடி துவங்கினால் சுருளும் ரிலேயும் சூடாகும்.

எண்ணை 1 ஆக்கினால்? 13-இல் ஓடத் தொடங்கும், 12-இல் நிற்கும். ஆனால் பெட்டி 12-இலேயே நிற்காது. கம்ப்ரஸர் நின்ற பிறகும் காயில் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தே இருக்கும், அது காற்றை இன்னும் கீழே இழுக்கும். 11-க்கும் கீழே போனால் வியப்பில்லை. இங்கேதான் கவனம் வேண்டும். குளிர் நாட்டிலோ ஊட்டியிலோ இருப்பவர்கள் அதே கருவியின் இன்னொரு ரிலேயில் சின்ன ஹீட்டரையும் மாட்டியிருப்பார்கள். F2 1 என்றால் 11-இல் ஹீட்டர் எரியும். குளிர்வித்த காற்றை அது சூடாக்கும், மறுபடி கம்ப்ரஸர் போடும். இரண்டும் மாறி மாறிச் சண்டை போடும், மின்கட்டணம்தான் மிச்சம். நடு அலமாரியில் உச்சத்தையும் தாழ்வையும் பதிவு செய்யும் தனி வெப்பமானி ஒன்றை வைத்து ஒரு முழு நாள் பார்த்தால் இது தெரிந்துவிடும். தாழ்வு 10.5 என்று காட்டினால், F2-ஐ 2 ஆக்குவது ஒரு வழி. அப்போது ஹீட்டர் 10-க்குக் கீழே வந்தால்தான் எரியும்.

இரண்டு டிகிரி ஏறி இறங்கினால் சீஸ் கெட்டுவிடாதா என்று கேட்பார்கள். ஏறி இறங்குவது காற்று. ஒரு கிலோ சீஸின் நடுப்பகுதி அந்த வேகத்தில் மாறாது, சராசரியை ஒட்டியே நிற்கும். தெர்மோஸ்டாட்டின் உணரியை காயிலிலோ சுவரிலோ தொடாமல், சீஸ் இருக்கும் உயரத்தில் காற்றில் தொங்கவிடுவது நல்லது. தண்ணீர் டம்ளரில் அமிழ்த்தினால் அளவு ஆடாமல் அழகாகத்தான் நிற்கும். ஆனால் டம்ளர் குளிர்வதற்குள் காற்று ரொம்பவே குளிர்ந்துவிடும், சீஸின் தோல் காய்ந்து வெடிக்கும். காஞ்சி என்ற புளித்த பானம், பழச்சாறு போன்ற திரவங்களைப் புளிக்க வைக்கும்போதுதான் உணரியை ஜாடியின் பக்கத்தில் ஒட்டி, மேலே ஒரு துண்டு நுரை வைத்து மூட வேண்டும்.

சரி, F2-க்குத் தயக்கம் என்று பெயர் வைத்துவிடலாமா? நான் கொஞ்சம் பிரித்துச் சொல்வேன். தயக்கம் என்பது நிகழ்வின் பெயர். கருவியில் நாம் இடும் எண் அந்தத் தயக்கத்தின் அளவு. ஆகவே 'தயக்க இடைவெளி' என்பது பொருந்தும், பேச்சில் 'இடைவெளி' என்றாலே போதும். F3-ஐத் 'தாமதம்' என்று சொல்வது நல்லது. அது வெப்பநிலைக் கணக்கே இல்லை. நின்ற கம்ப்ரஸர் மறுபடி துவங்கும் முன் காத்திருக்க வேண்டிய நிமிடம் அது.

இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி F3-ஐ 1 என்று விடுகிறவர்கள் உண்டு. கம்ப்ரஸர் நின்றதும் ஒரு பக்கம் அதிக அழுத்தமும் மறு பக்கம் குறைந்த அழுத்தமும் இருக்கும். மெல்லிய கேப்பிலரிக் குழாய் வழியே அவை சமமாக மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் மின்சாரம் வந்தால் மோட்டார் சுற்ற முடியாமல் 'உம்ம்' என்று முனகும், சில நொடியில் பின்னால் 'டிக்' என்று ஓவர்லோட் என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் விழும். அந்தச் சத்தம் கேட்டால் F3-ஐ 5 ஆக்கிப் பாருங்கள். அப்படியும் கேட்டால் கோளாறு ரிலேயிலோ கம்ப்ரஸரிலோதான், மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.

இதெல்லாம் சிங்கிள் டோர், டைரக்ட் கூல் ஃப்ரிட்ஜுக்குச் சொன்னது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் பனி உருக்கும் டைமர் இருக்கிறது. மின்சாரத்தை அடிக்கடி வெட்டினால் அதன் கணக்கு தவறிப்போகும், மின்விசிறி ஈரத்தையும் இழுத்துவிடும். இன்வெர்ட்டர் வகையின் வேகத்தை அதன் பலகையே தீர்மானிக்கும். அதை வெளியிலிருந்து போட்டு நிறுத்துவது சரிப்படாது.