ஹால் டிக்கெட்டை போட்டோவில் படிக்காதீர்கள்

நேற்று இரவு பத்தரை மணிக்கு இன்னொன்று வந்தது. ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி எடுத்த போட்டோ. பாதி நிழல், நடுவில் ஒரு மடிப்பு, ஓரத்தில் கட்டைவிரல். கூடவே மூன்று கேள்விகள்: “சார், எட்டரைக்கு மேல போனா விட மாட்டாங்களா? சீட் நம்பரே போடலையே? வாட்ச் கட்டலாமா?” காலையில் அந்தப் பெண்ணுக்குத் தேர்வு. பல வருடங்களாக அறைக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இதே கதைதான்.

முதலில் நேரம். அந்தச் சீட்டில் மூன்று நேரங்கள் இருந்தன. வருகை நேரம் 8.30, வாயில் மூடும் நேரம் 9.30, தேர்வு தொடக்கம் 10.00. எட்டரை என்பது கதவைத் திறக்கிற நேரம். எட்டே முக்காலுக்குப் போனாலும் உள்ளே விடுவார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். உடனே, “அப்ப 9.45க்கு வந்தா போதுமா சார்?” என்கிறாள். பத்து மணிக்குத்தானே தேர்வு, கால் மணி நேரம் முன்னால் போனால் சரி என்ற இந்தக் கணக்கை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பத்து மணி என்பது வினாத்தாளைப் பிரிக்கிற நேரம். அதற்கு முன்னால் வாசலில் சோதனை, அடையாள அட்டையைச் சரிபார்ப்பது, அறையைத் தேடுவது, வருகைத் தாளில் கையெழுத்து, விடைத்தாளில் பதிவெண்ணை எழுதிக் கட்டங்களைக் கருப்பாக்குவது என்று எவ்வளவோ இருக்கிறது. 9.30 என்றால் 9.30க்கு வாசல் மூடும். மூடுவது மையத்தின் கடிகாரப்படி, உங்கள் கடிகாரப்படி அல்ல. 9.32க்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். திறந்துவிடும் அதிகாரம் வாசலில் நிற்பவருக்குக் கிடையாது.

எல்லாச் சீட்டிலும் இப்படி மூன்று நேரம் இருக்காது. வருகை நேரம் என்று ஒன்றே ஒன்று போட்டு, வாயில் மூடும் நேரம் தனியாக இல்லையென்றால், அந்த ஒன்றையே கடைசி நேரமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் விடமாட்டோம் என்ற வரி பெரும்பாலும் பின்பக்க அறிவுரைகளில்தான் இருக்கும். போட்டோ எடுப்பவர்கள் பின்பக்கத்தை எடுப்பதே இல்லை.

அடுத்து சீட் நம்பர். பல தேர்வுகளில் அது ஹால் டிக்கெட்டில் இருக்கவே இருக்காது. பதிவெண்தான் இருக்கும். இன்ன எண்ணிலிருந்து இன்ன எண் வரை இன்ன அறை என்று மையத்துப் பலகையில் ஒட்டியிருப்போம். மேசையிலும் எண் இருக்கும். இவள் மைய எண்ணைப் பார்த்துவிட்டு அதுதான் சீட் என்று நினைத்திருக்கிறாள். அதைவிட மோசம், பதிவெண்ணை அந்தப் போட்டோவிலிருந்தே ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்திருக்கிறாள், கடைசி இரண்டு இலக்கம் 38 என்று. பெரிதாக்கிப் பார்த்தால் எனக்கு 33 மாதிரித் தெரிகிறது. மடிப்பு சரியாக அந்த இடத்தில்தான் விழுந்திருக்கிறது. அறை மாறினால் ஓடிப்போய் மாற்றிக்கொள்ளலாம். விடைத்தாளில் தப்பான எண்ணைக் கருப்பாக்கிவிட்டால் அப்புறம் யாரிடம் போய் நிற்பது?

தடைசெய்யப்பட்ட பொருட்களை விலாவாரியாகச் சொல்லத் தேவையில்லை, சீட்டிலேயே இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். “போன்லயே ஹால் டிக்கெட் இருக்கு சார், காட்டிக்கலாம்” என்று வருகிறவர்கள் ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்தப் பட்டியலில் முதலில் இருப்பதே போன்தான். அணைத்துப் பைக்குள் வைத்திருந்தாலும் போன் போன்தான். காகிதத்தில் அச்செடுத்து வாருங்கள், கூடவே சீட்டில் கேட்டிருக்கும் அடையாள அட்டையின் அசல். வாட்ச் வேண்டாம் என்று போட்டிருந்தால் முள் வைத்த சாதா வாட்சும் வேண்டாம், வாசலில் நின்று வாதாடாதீர்கள். அச்செடுத்த சீட்டின் பின்னால் பஸ் நம்பர், சூத்திரம் எதையும் எழுதாதீர்கள் அம்மா, அய்யா! நீங்கள் எதற்காக எழுதினீர்கள் என்று சோதிப்பவருக்குத் தெரியாது. அவர் கண்ணுக்கு அது பிட்டுதான்.

மருந்து, காது கேட்கும் கருவி போன்றவை தேவைப்படுகிறவர்கள் தேர்வு நடத்துபவர்களிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலையும் கையில் கொண்டு வாருங்கள். அன்று காலை எங்களிடம் கேட்டால் நாங்களும் மேலே கேட்க வேண்டியிருக்கும், நேரம் ஓடிவிடும்.

அவளிடம், போட்டோவை விட்டுவிட்டு, டவுன்லோடு செய்த ஃபைலையே இரண்டு பக்கமும் அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். பதிவெண் 33தான். மையத்தின் பெயருக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது: ‘இணைப்புக் கட்டடம், பின்வாசல் வழி.’ முதல் படத்தில் அந்த வரியின் மேல்தான் கட்டைவிரல் இருந்தது.