நாற்பது விநாடிப் படத்துக்கு முன் எழுதும் ஒரு பக்கம்

விளம்பரப் படம் எடுப்பவர்கள் ஸ்கிரிப்டில் கைவைக்கும் முன் ‘கிரியேட்டிவ் பிரீஃப்’ என்று ஒரு பக்கம் எழுதிக்கொள்கிறார்கள். யாருக்கு, என்ன சொல்கிறோம், எந்தக் குரலில், எவை கட்டாயம் இடம்பெற வேண்டும் என்னும் நான்கும் அதில் இருக்கும். இவை தனித்தனிக் கட்டங்களாகத் தோன்றினாலும், முதல் கட்டத்தில் எழுதுவதே மற்ற மூன்றையும் தீர்மானிக்கிறது. இராமநாதபுரம் கடற்கரைக்கான ஒரு படத்தை வைத்து இதைப் பார்ப்போம்.

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடற்புல் மேய்ந்து வாழும் கடல் பசுவை நம் மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். அது பாலூட்டி; சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். செவுள் வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சுத் திணறி இறந்துவிடும். இதற்காக வனத்துறை 40 விநாடிப் படம் ஒன்று வேண்டுமென்று கேட்டால், பெரும்பாலும் வரும் முதல் பிரீஃபில் ‘பார்வையாளர்: பொதுமக்கள், செய்தி: அரிய உயிரினமான கடல் பசுவைக் காப்போம்’ என்றிருக்கும். அதை வைத்து அழகான கடலடிக் காட்சிகளை எடுக்கலாம். ஆனால் ஓர் ஆவுளியாகூடப் பிழைக்காது, ஏனென்றால் வலையின் பக்கத்தில் நிற்பவர் பொதுமக்கள் அல்லர்.

ஆகவே பார்வையாளர் கட்டத்தில் ஒரு மனிதரும் ஒரு கணமும் வேண்டும். ‘தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் பகுதிகளில் நாட்டுப்படகில் செவுள் வலை விடுபவர், விடியலில் வலையை இழுக்கும்போது அது வழக்கத்துக்கு மாறாகக் கனக்கிறது’ என்று எழுதியதும், அவர் மனத்தில் அப்போது ஓடுவது என்ன என்று கேட்கத் தோன்றும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆவுளியா உச்சப் பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். வெளியே தெரிந்தால் வழக்கு வருமோ என்ற அச்சமும், அறுத்தால் வலை போய்விடுமே என்ற கவலையும் அவரைத் தயங்க வைக்கலாம். உண்மையிலேயே அப்படித்தானா என்பதைப் பிரீஃப் எழுதுபவர் இறங்குதளத்துக்குப் போய், அவர்கள் வலை பிரித்துக்கொண்டிருக்கும்போது கேட்டு உறுதிசெய்ய வேண்டும். மேசையில் உட்கார்ந்து ஊகிக்கக் கூடாத ஒரே இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

தயக்கம் எதில் என்று தெரிந்துவிட்டால் செய்தி தானாகச் சுருங்குகிறது: ‘ஆவுளியா வலையில் மாட்டினால், படகில் ஏற்றாமல் தண்ணீரிலேயே வலையை அறுத்து உடனே விடுங்கள்.’ இதில் செய்ய வேண்டிய செயல் ஒன்றே. கடற்புல்லைக் காக்க வேண்டும், நெகிழியைக் கடலில் போடக் கூடாது என்பவையும் உண்மைதான். இருந்தாலும் அவை வேறு படங்கள். மனித மனம் ஒரு நேரத்தில் ஏந்திக்கொள்ளும் துணுக்குகள் ஏறத்தாழ நான்குதான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் மதிப்பிட்டார். இங்கே விலங்கு, வலை, அச்சம் என மூன்று இடங்கள் முன்பே நிரம்பிவிட்டன.

செய்தி ஒன்றுதானா என்று சோதிப்பது எளிது. அந்த வாக்கியத்தை ஒரு மீனவரிடம் ஒருமுறை மட்டும் படித்துக்காட்டிவிட்டு, சற்று நேரம் வேறு பேசியபின், ‘அண்ணே, என்ன செய்யச் சொன்னேன்?’ என்று கேட்க வேண்டும். நான்கைந்து பேரிடம் கேட்டு வெவ்வேறு விடைகள் வந்தால் பிரீஃப் இன்னும் முடியவில்லை.

குரலும் அந்த மனிதரிடமிருந்தே வருகிறது. வழக்கை நினைத்து அஞ்சுபவரிடம் எச்சரிக்கைக் குரலில் பேசினால் அவர் இன்னும் மறைப்பார். எனவே ‘அனுபவமுள்ள சக மீனவர், பக்கத்துப் படகிலிருந்து பேசுவதுபோல, அதட்டலும் சோக இசையும் வேண்டாம்’ என்று எழுதலாம். ‘உருக்கமாக’ என்று மட்டும் எழுதினால் ஆளுக்கொரு பொருள் கொள்வார்கள். எது வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் குரல் பிடிபடும்.

கட்டாயக் கூறுகளை விநாடிக் கணக்கோடு எழுத வேண்டும். துறையின் சின்னத்துக்கும் தொலைபேசி எண்ணுக்கும் 6 விநாடி ஒதுக்கினால் மிஞ்சுவது 34. நிதானமாகப் பேசினால் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு சொற்கள். கடல் ஓசைக்கும் மௌனத்துக்கும் இடம் விட்டால் ஸ்கிரிப்டுக்கு 50 சொற்கள்கூடத் தேறாது. இதைப் பிரீஃபிலேயே எழுதிவிட்டால், பின்னால் யாராவது ‘இதையும் சேர்த்துவிடுங்கள்’ என்னும்போது எதை எடுப்பது என்று அவரிடமே கேட்கலாம். அறுத்த வலைக்கு ஈடு கிடைக்கும் என்ற வரியைத் துறை எழுத்துமூலம் உறுதிசெய்த பிறகே சேர்க்க வேண்டும். உறுதி வராவிட்டால், வலை போய்விடுமே என்ற கவலைக்குப் படத்தில் விடை இருக்காது. அப்போது ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்காமல் செய்தியைத் திரும்ப யோசிப்பதே சரி.