திரை நேரமா, பின்தங்கலா: எது எதை இழுக்கிறது?

"இரண்டு வயதில் போனைக் கொடுத்ததால்தான் பையனுக்குப் பேச்சு தாமதமானதா? இல்லை, பேச்சு வராமல் அடம்பிடித்ததால்தான் நாங்கள் போனைக் கொடுக்கப் பழகினோமா?" ஒரு வாசகியின் கேள்வி இது. குழந்தை வளர்ச்சி ஆய்வாளர்களுக்கும் இதே குழப்பம் உண்டு. அதிகம் திரை பார்க்கும் குழந்தைகளின் வளர்ச்சி மதிப்பெண் சற்றுக் குறைவாக இருக்கிறது என்று ஒரே நாளில் எடுத்த அளவீடு சொல்லும். அம்பு எந்தப் பக்கம் பாய்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது.

கனடாவின் கால்கரி நகரில் இதற்காக ஒரே குழந்தைகளைத் திரும்பத் திரும்ப அளந்தார்கள். ஷெரி மேடிகன் தலைமையிலான குழு 2019-இல் வெளியிட்ட அந்த ஆய்வில் 2,441 தாய்-சேய் இணைகள். குழந்தைக்கு 24, 36, 60 மாதமானபோது மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் குழந்தை எவ்வளவு நேரம் திரை பார்க்கிறது என்று அம்மா சொல்கிறார். அதோடு வளர்ச்சி பற்றிய ஒரு வினாத்தாளையும் நிரப்புகிறார். பேச்சு, கைகால் அசைவு, விரல் வேலை, புதிர் தீர்ப்பது, பழகும் விதம் என்று கேள்விகள் போகும். ஒவ்வொன்றுக்கும் 'ஆம்', 'சில நேரம்', 'இன்னும் இல்லை' என்று மூன்றில் ஒரு பதில்.

இப்படிப்பட்ட தரவுக்கு வழக்கமாகப் போடும் கணக்குக்குக் கிராஸ்-லேக்டு பேனல் மாடல் என்று பெயர். காகிதத்தில் வரைந்தால் இரண்டு தண்டவாளம் போல இருக்கும். மேலே திரை நேரம், கீழே வளர்ச்சி மதிப்பெண், சுற்றுக்குச் சுற்று வலப்பக்கம் நகர்கின்றன. மேல் கோட்டில் திரை நேரத்திலிருந்து அடுத்த சுற்றின் திரை நேரத்துக்கு ஓர் அம்பு. கீழ் கோட்டிலும் அப்படியே. இவை பழைய நிலை எவ்வளவு தொடர்கிறது என்பதைக் காட்டும். நமக்கு வேண்டியது குறுக்கே பாயும் இரண்டு அம்புகள்: இப்போதைய திரை நேரத்திலிருந்து அடுத்த சுற்றின் மதிப்பெண்ணுக்கு ஒன்று, இப்போதைய மதிப்பெண்ணிலிருந்து அடுத்த சுற்றின் திரை நேரத்துக்கு ஒன்று. இப்போதைய மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், இப்போதைய திரை நேரம் அடுத்த மதிப்பெண்ணைப் பற்றி ஏதாவது கூடுதலாகச் சொல்கிறதா என்பதுதான் கேள்வி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எளிய வடிவம் ஏமாற்றும். எப்படி ஏமாற்றும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு கற்பனை ஊர். அங்கே திரைக்கும் வளர்ச்சிக்கும் இடையே எந்தப் பாதிப்பும் கிடையாது, இரு திசையிலும் பூஜ்யம். ஆனால் குடும்பங்கள் ஒரே மாதிரி இல்லை. வருமானம், பெற்றோரின் வேலை நேரம், வீட்டில் எத்தனை பெரியவர்கள், வாசலில் விளையாட இடம் உண்டா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு வேறு, ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாது. இதனால் ஒவ்வொரு குழந்தைக்கும் திரை நேரத்தில் ஒரு நிலையான மட்டம், வளர்ச்சியில் ஒரு நிலையான மட்டம். இரண்டு மட்டங்களும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவு -0.5 என்று வைப்போம்: ஒன்று கூடினால் மற்றது குறையும் போக்கு. ஒவ்வொரு அளவீட்டின் ஏற்ற இறக்கத்தில் பாதி இந்த மட்டத்திலிருந்து வருகிறது, மீதிப் பாதி அந்தந்த நேரத்துச் சலனம். அப்படியானால் திரை நேரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும், எந்தச் சுற்றை எந்தச் சுற்றோடு ஒப்பிட்டாலும், ஒட்டுறவு -0.25. ஒரே மதிப்பெண்ணின் அடுத்தடுத்த சுற்றுகளுக்கிடையே 0.5. இவற்றை எளிய மாடலில் போட்டால் குறுக்கு அம்புக்கு வருவது (-0.25 + 0.125) ÷ 0.9375, அதாவது சுமார் -0.13. இரண்டு திசையிலும் அதே எண். இல்லாத பாதிப்பு, காகிதத்தில் மட்டும் இருக்கிறது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. அதே ஊரில் திரை நேரத்தின் 80 சதவீதம் நிலையான மட்டத்திலிருந்து வருவதாகவும், மதிப்பெண்ணில் 40 சதவீதம் மட்டுமே அப்படி வருவதாகவும் மாற்றுங்கள். பாதிப்பு இன்னமும் பூஜ்யம்தான். இப்போது மாடல் தரும் விடை: திரையிலிருந்து வளர்ச்சிக்கு சுமார் -0.18, வளர்ச்சியிலிருந்து திரைக்கு வெறும் -0.06. பார்ப்பவர் 'ஆஹா, திரைதான் காரணம், திசை தெரிந்துவிட்டது' என்று எழுதிவிடுவார். உண்மையில் ஜெயித்தது நிலையாக இருக்கிற அளவீடு, அவ்வளவுதான். மதிப்பெண் அதிகம் ஆடுவதால் அதன் பழைய மதிப்பு குடும்ப வித்தியாசத்தை முழுமையாக வடிகட்டவில்லை. வடிகட்டாத மிச்சம் திரை நேரத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது. எது முன்னால் வந்ததோ அதுதான் காரணம் என்று சொல்வது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இங்கே காக்கைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.

இதற்கு 2015-இல் எலன் ஹமாக்கர் என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் சேர்ந்து முன்வைத்த திருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் சொந்த மட்டத்தைத் தனியே பிரித்து எடுத்து வைத்துவிடு, மீதமிருக்கும் விலகல்களுக்கு இடையில் மட்டும் அம்பு போடு. 'அதிகம் பார்க்கும் குழந்தை, குறைவாகப் பார்க்கும் குழந்தை' என்ற ஒப்பீடு போய்விடுகிறது. 'இந்தக் குழந்தை தன் வழக்கத்தைவிட அதிகம் பார்த்த காலத்துக்குப் பிறகு, தன் வழக்கத்தைவிடக் குறைவாக மதிப்பெண் எடுக்கிறதா' என்ற கேள்வி வருகிறது.

சரி, கண்ணுக்குத் தெரியாத அந்த மட்டத்தை எப்படிப் பிரிப்பது? தூரம் கூடக் கூட ஒட்டுறவு எப்படித் தேய்கிறது என்று பார்த்துத்தான். சுற்றுகளுக்கிடையே ஒரே இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். நிலையான மட்டமே இல்லை, பழைய நிலை அடுத்த சுற்றுக்குக் கொஞ்சம் வழிகிறது, அவ்வளவுதான் என்றால், முதல் சுற்றுக்கும் இரண்டாவதுக்கும் 0.5, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 0.5, முதலுக்கும் மூன்றாவதுக்கும் 0.5 × 0.5 = 0.25. தூரம் போனால் பாதி தேய்ந்துவிடும். வழிதலே இல்லை, எல்லாம் நிலையான மட்டம் என்றால் மூன்றும் 0.5-தான், தூரம் எவ்வளவு போனாலும் தேயாது. உண்மைத் தரவு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது விழும். பக்கத்துச் சுற்றுகளில் 0.5, தள்ளிய சுற்றுகளில் 0.4 என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையான பங்கு 0.375, மீதி 0.625-இல் வழிதல் 0.2 என்றால் இரண்டுமே சரியாகப் பொருந்தும்: 0.375 + 0.625 × 0.2 = 0.5, 0.375 + 0.625 × 0.04 = 0.4. வேறு எந்த ஜோடியும் பொருந்தாது. யாருடைய வருமானத்தையும் கேட்காமல், வீட்டுக்குள் எட்டிப் பார்க்காமல், மூன்று எண்களின் தேய்மானத்திலிருந்து 'மாறாதது எவ்வளவு' என்று கறந்துவிடுகிறோம்.

இதற்குக் குறைந்தது மூன்று சுற்று வேண்டும். இரண்டு சுற்றில் ஒரே ஓர் ஒட்டுறவுதான் இருக்கும், தேய்வதைப் பார்க்க வழியில்லை. ஆனால் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று துண்டு துண்டாக நிதி ஒதுக்கினால் ஆய்வாளர் இரண்டு சுற்றோடு நிறுத்தி, கட்டுரையை எழுதிவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். ஐந்து புது ஆய்வுகளைத் தொடங்குவதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு மூன்றாவது, நான்காவது சுற்றுக்குப் பணம் கொடுப்பது மேல் என்பது என் கட்சி.

கால்கரி ஆய்வு இந்தத் திருத்திய வடிவத்தையே பயன்படுத்தியது. தன் வழக்கத்தைவிட அதிகமாகத் திரை பார்த்த சுற்றுக்கு அடுத்த சுற்றில் மதிப்பெண் தன் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாக இருந்தது. இரண்டு தாவல்களில் கெழு, அதாவது அந்தக் குறுக்கு அம்பின் எண், -0.06, -0.08 அளவில். எதிர்த் திசை அம்புகள் புள்ளியியல் முக்கியத்துவம் பெறவில்லை, அதாவது அவை வெறும் தற்செயலாகவும் வந்திருக்கலாம். அளவு என்னவென்று புரிய, திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 15 உள்ள ஒரு தேர்வை நினைத்துக்கொள்ளுங்கள்: திரை நேரம் ஒரு திட்ட விலக்கம் கூடினால் மதிப்பெண் ஒன்றோ, ஒன்றேகாலோ இறங்கும். ஒரு குழந்தையிடம் இது கண்ணுக்கே தெரியாது.

'எதிர்த் திசை இல்லை என்று நிரூபணமாகிவிட்டது' என்று செய்திகளில் படித்தால் நம்ப வேண்டாம். ஓர் அம்பு முக்கியத்துவக் கோட்டைத் தாண்டியது, இன்னொன்று தாண்டவில்லை என்பதால் இரண்டும் வேறு என்று ஆகிவிடாது. வித்தியாசத்தையே சோதிக்க வேண்டும். இரண்டையும் சமம் என்று கட்டாயப்படுத்திய மாடல் தரவோடு மோசமாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பது ஒரு வழி. அதிலும் மணி நேரமும் மதிப்பெண்ணும் வேறு வேறு அலகு என்பதால், அந்தச் சமத்துக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி கூடவே வரும்.

நிலையான மட்டத்தைப் பிரித்ததால் எல்லாக் கலப்படமும் போய்விடவில்லை. மாறாதது மட்டுமே போயிற்று. குழந்தைக்கு இரண்டரை வயதாகும்போது அப்பாவுக்கு வேலை போகிறது, அல்லது தம்பிப் பாப்பா பிறந்து அம்மா மனச்சோர்வில் விழுகிறார். அந்த ஆண்டு திரை கூடும். அம்மா குழந்தையோடு பேசும் நேரம் குறையும், அதன் விளைவு மதிப்பெண்ணில் அடுத்த ஆண்டு தெரியும். மாடலுக்கு இது திரையின் வேலையாகவே தெரியும். இரண்டு அளவையும் ஒரே அம்மா சொல்வதால், அவருடைய அந்தந்த நேரத்து மனநிலையும் இரண்டிலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே 'திரை நேரக் கூடுதல் பிந்தைய மதிப்பெண் குறைவுக்கு முன்னால் வந்தது, குடும்பத்தின் நிலையான வேறுபாடுகளால் அதை விளக்க முடியவில்லை' என்று எழுதலாம். 'திரை வளர்ச்சியைக் குறைத்தது' என்று எழுத இந்தக் கணக்கு இடம் தராது. அதற்கு, சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சில குடும்பங்களில் திரையைக் குறைத்துப் பார்க்கும் சோதனை வேண்டும்.

இன்னொன்று, இடைவெளி. கால்கரியில் முதல் தாவல் 12 மாதம், இரண்டாவது 24 மாதம். குறுக்கு அம்பின் கெழு எந்த இடைவெளியில் அளந்தோமோ அதற்கு மட்டுமே சொந்தம். வாசகி சொன்ன 'அடம்பிடித்தால் போன்' நடக்கும் கால அளவு பத்து நிமிடம். இன்று மாலை அழுகை, உடனே போன், அரை மணியில் அமைதி. அந்த வட்டம் ஒரு நாளில் பலமுறை சுற்றியிருந்தாலும், ஆண்டுக்கொரு முறை வரும் வினாத்தாளில் அடுத்த ஆண்டுக்குப் பாயும் அம்பாக அது தெரிய வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலும் அது ஒரே சுற்றுக்குள் இரண்டு அளவீடுகளும் சேர்ந்து ஆடும் ஒட்டுறவில் போய் உட்கார்ந்துகொள்ளும், திசை இல்லாமல். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் சில வாரங்களுக்கு ஒரு நாளில் பலமுறை கேட்டுக் குறிக்கும் நாட்குறிப்பு ஆய்வு வேண்டும், வேறு அளவுகோலும் வேண்டும். பத்து நிமிடத்தில் மாறுவது குழந்தையின் மனநிலை. சொல்வளம் அந்த வேகத்தில் மாறாது.