அலிகேஷன்: சொல்லும் கணக்கும்

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் பார்மசி மாணவர்களுக்கும் பழகிய சொல் அலிகேஷன். வெவ்வேறு செறிவுள்ள இரண்டு கரைசல்களைக் கலந்தால் கிடைப்பதன் செறிவு என்ன, அல்லது வேண்டிய செறிவைப் பெற எதை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கண்டுபிடிக்கும் முறைக்கு இந்தப் பெயர். குறுக்கே கோடு போட்டுக் கழிக்கும் ஒரு தந்திரமாகவே பலருக்கும் இது அறிமுகமாகிறது. அந்தக் கோட்டிலிருந்துதான் பெயரே வந்தது.

மூலம் லத்தீன். 'லிகாரே' என்றால் கட்டுதல். அதோடு முன்னொட்டு சேர்ந்து 'அல்லிகாரே' ஆனால், ஒன்றோடு சேர்த்துக் கட்டுதல். எலும்புகளைக் கட்டி நிறுத்தும் லிகமென்ட்டும், அறுவை சிகிச்சையில் ரத்தக் குழாயைக் கட்டும் லிகேச்சரும் 'லிகாரே' வழி வந்தவை. உலோகக் கலவையைக் குறிக்கும் அலாய் இன்னும் நெருங்கிய உறவு. அது 'அல்லிகாரே' பழைய பிரெஞ்சு வழியாக உருமாறி வந்தது. பழைய ஐரோப்பிய எண்கணித நூல்களில், கலக்க வேண்டிய சரக்குகளின் தரத்தை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இரண்டிரண்டாகக் கோட்டால் பிணைப்பார்கள். அந்தப் பிணைப்பு வேலைதான் கணக்கின் பெயராக நின்றுவிட்டது.

கணக்கு இரண்டு வகை. கலந்த பிறகு செறிவு என்ன என்று கேட்பது ஒன்று. வேண்டிய செறிவுக்கு எந்த விகிதத்தில் கலப்பது என்று கேட்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே எடுத்துக்காட்டில் பார்த்துவிடலாம்.

மருத்துவமனைகளில் டெக்ஸ்ட்ரோஸ் கரைசல் 5%, 10%, 25% என்ற அளவுகளில் கிடைக்கும். சர்க்கரை குறைந்த பச்சிளங்குழந்தைக்குச் சில சமயம் 12.5% தேவைப்படும். கையில் இருப்பது 10 சதவீதமும் 25 சதவீதமும்தான். சரி, 100 மி.லி. 10% கரைசலோடு 20 மி.லி. 25% கரைசலைச் சேர்த்தால் என்ன வரும்? இங்கே சதவீதம் என்பது 100 மி.லி. கரைசலில் எத்தனை கிராம் டெக்ஸ்ட்ரோஸ் இருக்கிறது என்பது. முதல் கரைசலில் 10 கிராம் இருக்கிறது. இரண்டாவதில் 20 மி.லி.தான் எடுத்திருக்கிறோம், அதில் 5 கிராம். மொத்தம் 15 கிராம், 120 மி.லி.யில். 15-ஐ 120-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 12.5%.

10-ஐயும் 25-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 17.5 வரும். அந்த விடை இரண்டையும் சம அளவில் கலந்தால் மட்டுமே சரி. சதவீதங்களை நேராகக் கூட்ட முடியாது. கூட்டக்கூடியது கரைந்திருக்கும் பொருளின் அளவைத்தான். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

இப்போது அதையே திருப்பிப் பார்ப்போம். 12.5% வேண்டும், விகிதம் என்ன? 10 சதவீதத்திலிருந்து 12.5 எவ்வளவு தள்ளி இருக்கிறது? 2.5. 25 சதவீதத்திலிருந்து? 12.5. இந்தத் தொலைவுகளை இடம் மாற்றிப் போட வேண்டும். 10% கரைசலில் 12.5 பங்கு, 25% கரைசலில் 2.5 பங்கு. அதாவது 5-க்கு 1. மேலே 100 மி.லி.யும் 20 மி.லி.யும் எடுத்ததும் அதே விகிதம்தான். ஏன் குறுக்கே மாற்றுகிறோம் என்றால், ஒவ்வொரு மி.லி. 10% கரைசலும் இலக்குக்கு 2.5 அளவு குறைவைக் கொண்டுவருகிறது, ஒவ்வொரு மி.லி. 25% கரைசலும் 12.5 அளவு மிகுதியைக் கொண்டுவருகிறது. ஒரு மிகுதியைச் சரிக்கட்ட ஐந்து குறைவு வேண்டும். விடை எப்போதும் இரண்டு செறிவுகளுக்கும் நடுவில், அதிகம் ஊற்றியதன் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அப்படி இல்லை என்றால் கணக்கில் தவறு இருக்கிறது.

இந்தக் கணக்கு நம் நாட்டிலும் பழையது. இங்கே அது தங்கத்தில் நடந்தது. பாஸ்கராச்சாரியரின் லீலாவதியில் (1150) பொன் கணக்கு என்றே ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு துண்டின் எடையையும் அதன் மாற்றால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால், உருக்கிச் சேர்த்த பொன்னின் மாற்று வரும். 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று நாம் சொல்லும் அதே மாற்று. மாற்று என்பது பொன்னின் செறிவன்றி வேறென்ன? புடம் போட்டதில் எடை குறைந்திருந்தால், குறைந்த எடையால்தான் வகுக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. எனக்கு இந்த நுணுக்கம் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இன்றைய பாடங்களில் பலரும் விட்டுவிடும் இடம் இதுதான்.

ஆல்கஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். 95% ஆல்கஹாலையும் தண்ணீரையும் கலந்து 70% தயாரிக்க வேண்டும். தண்ணீர் 0%. தொலைவுகளை இடம் மாற்றினால் ஆல்கஹால் 70 பங்கு, தண்ணீர் 25 பங்கு. 700 மி.லி. ஆல்கஹாலில் 250 மி.லி. தண்ணீர் ஊற்றினால் 950 மி.லி. வர வேண்டும். ஆனால் வராது. ஆல்கஹாலும் தண்ணீரும் சேரும்போது கன அளவு சுருங்கும். சுமார் 930 மி.லி.தான் நிற்கும், செறிவும் 70-க்குப் பதில் 72-ஐ ஒட்டி இருக்கும். அதனால் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைத் தனியாக அளந்து ஊற்றுவதில்லை. 700 மி.லி. ஆல்கஹாலை அளவு உருளையில் எடுத்து, 950 குறி வரும்வரை தண்ணீர் விடுவார்கள். அதற்கு 270 மி.லி.க்குக் கொஞ்சம் மேலேயே தண்ணீர் பிடிக்கும்.

சதவீதம் எந்தக் கணக்கில் சொல்லப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸில் அது கன அளவுக்கு இத்தனை எடை. ஆல்கஹாலில் பெரும்பாலும் கன அளவுக்குக் கன அளவு. கடையில் வாங்கும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எடைக்கு எடை. எடைக்கு எடை என்றிருந்தால் கரைசல்களைத் தராசில் நிறுத்துத்தான் கலக்க வேண்டும், மி.லி.யில் அளந்தால் விகிதம் பிசகும். ஒரு புட்டியில் ஒரு கணக்கும் மற்றதில் வேறு கணக்கும் இருந்தால், முதலில் இரண்டையும் ஒரே கணக்குக்கு மாற்றியாக வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மூலப் பொருளை அப்படியே பெயர்த்தால் 'பிணைப்பு முறை'. கரைசல் பாடத்தில் அது ஒத்துவராது. பிணைப்பு என்றாலே வேதியியல் மாணவருக்கு அணுக்களுக்கு இடையிலான வேதிப் பிணைப்புதான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பதோ வெறும் கலப்பு. ஆகவே முறை முழுவதற்கும் 'கலவை விதி' என்பதே பொருத்தம். செறிவு என்ன என்று கேட்கும் முதல் வகையை 'கலவைச் செறிவு காணல்' என்றும், விகிதம் கேட்கும் இரண்டாம் வகையை 'கலப்பு விகிதம் காணல்' என்றும் பிரிக்கலாம். முதல் வகை, கணிதப் பாடத்தில் வரும் நிறையிட்ட சராசரியேதான். செறிவு என்று சொல்ல வேண்டிய இடத்தில் அடர்த்தி என்று எழுதுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். அடர்த்தி என்பது குறிப்பிட்ட கன அளவில் கரைசலின் மொத்த நிறை, செறிவு என்பது அதில் கரைந்திருக்கும் பொருளின் அளவு. ஆல்கஹாலில் செறிவு கூடக் கூட அடர்த்தி குறையும்.