தெர்மல் த்ராட்லிங் (வெப்ப மட்டுப்பாடு)

த்ராட்டில் என்ற ஆங்கிலச் சொல் தொண்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. முதலில் கழுத்தை நெரிப்பதையும், பிறகு எஞ்சினுக்குள் நீராவி பாயும் அளவைக் கூட்டிக் குறைக்கும் வால்வையும் குறித்தது. பைக்கில் த்ராட்டிலை முறுக்கினால் வேகம் கூடும். கம்ப்யூட்டர்க்காரர்கள் த்ராட்லிங் என்றால் வேகம் குறைவதைத்தான் சொல்கிறார்கள்.

பிராசசர் போன்ற சில்லு அளவுமீறிச் சூடாகும்போது, அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதுதான் தெர்மல் த்ராட்லிங். தமிழில் ‘வெப்ப மட்டுப்பாடு’ எனலாம். ‘வெப்ப நெரிப்பு’ சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் ஏதோ கொலைவழக்கு போல ஒலிக்கிறது.

கேம் பாதியில் நின்றால் பலரும் த்ராட்லிங் மேல் பழி போடுவார்கள். உண்மையில் அது நின்றுபோகாமல் காக்கும் ஏற்பாடு. பல லேப்டாப் பிராசசர்களுக்கு எல்லை 100 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதைத் தொட்டதும் வேகம் இறங்கும். அப்படியும் சூடு அடங்காமல் ஆபத்தான அளவுக்கு ஏறினால், சில்லைக் காப்பாற்ற மொத்தக் கம்ப்யூட்டரும் சட்டென அணைந்துவிடும். அது வெப்ப அணைப்பு, வேறு விஷயம்.

ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். கேம் தொடங்கும்போது பிராசசர் 4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, திரையில் நொடிக்கு 90 பிரேம். கால் மணி நேரத்தில் வெப்பம் 98, 99 என ஏறுகிறது. வேகம் 2 கிகாஹெர்ட்ஸுக்குச் சரிகிறது. பிரேம் 40க்கு விழுந்து, சற்றுக் குளிர்ந்ததும் மீண்டும் ஏறுகிறது. வெப்பம் உச்சத்தை ஒட்டியே நிற்க, வேகம் மட்டும் இப்படி ஏறி இறங்கினால் அதுதான் மட்டுப்பாடு. அப்புறம் திரை கறுத்து மெஷினே அணைந்தால் வெப்ப அணைப்பைச் சந்தேகிக்கலாம். பவர் சப்ளைக் கோளாறும் இப்படியே அணைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பிரேம் குறையாமல், வெப்பமும் 75 அளவிலேயே இருந்து, கேம் மட்டும் மூடிக்கொண்டால் டிரைவரையோ கேமின் கோப்புகளையோ முதலில் பாருங்கள்.

விண்டோஸின் Event Viewer-இல் `Kernel-Power 41` என்று இருப்பதைப் பார்த்து, சூடுதான் காரணம் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. முறையாக மூடாமல் கம்ப்யூட்டர் நின்றது என்பதைத்தான் அந்தப் பதிவு சொல்லும்; சூடுதான் காரணம் என்று சொல்லாது.

HWiNFO என்ற இலவச மென்பொருளில் சென்சார் பதிவைத் தொடங்கிவிட்டு விளையாடுவதே நல்ல வழி. மெஷின் அணைந்தாலும் அதுவரை எழுதப்பட்ட CSV கோப்பு தங்கும். அதன் கடைசி வரிகளில் வெப்பத்தையும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். இன்டெல் பிராசசர் என்றால் `Core Thermal Throttling` நெடுவரிசையில் Yes விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சூடு என்று தெரிந்தால், பிரேமை 60க்குக் கட்டுப்படுத்தி மறுபடி ஆடிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் அடுத்த வேலை, ஃபேனையும் ஹீட் சிங்க் இடுக்குகளையும் அடைத்திருக்கும் தூசியை எடுப்பதுதான்.